குழந்தையின் வாயில் வெண்படலம், தாயின் மார்புக் காம்பில் எரிச்சல்: இருவருக்கும் ஒரே நாளில் மருந்து ஏன்?

சந்தேகங்களும் விளக்கங்களும்

கைக்குழந்தையின் நாக்கில் மாவு பூத்தாற்போல் வெள்ளை படிந்திருக்கிறது என்று காட்டப் போனால், மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. ஒன்று குழந்தையின் வாய்க்கு; மற்றொன்று தாயின் மார்புக் காம்புக்கு. குழந்தைக்குத்தானே நோய், தாய்க்கு எதற்கு மருந்து என்ற குழப்பத்தில் இரண்டாவது மருந்து பல வீடுகளில் வாங்கப்படுவதில்லை. வாங்கினாலும் இரண்டு நாளில் நின்றுவிடுகிறது. அடுத்த சில வாரங்களில் வெள்ளை மறுபடியும் வந்த பிறகே அந்தச் சீட்டு தேடப்படுகிறது. பெரியநாயக்கன்பாளையம் வட்டாரத் தாய்மார்களுக்கும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிமார்களுக்கும் எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் வருமாறு:

நோய் என்ன?

குழந்தையின் வாயில் வரும் இந்த வெள்ளை என்ன நோய்?

இது கேண்டிடா என்ற பூஞ்சையால் வரும் தொற்று. பழைய வழக்கில் இதை அக்கரம் என்பார்கள். இந்தப் பூஞ்சை பெரும்பாலானோரின் வாயிலும் குடலிலும் தோலிலும் தொந்தரவு தராமல் சிறிய அளவில் எப்போதும் இருக்கிறது. பிறந்த சில மாதங்களுக்குக் குழந்தையின் எதிர்ப்பு ஆற்றல் முழுமையாக வளர்ந்திருக்காது என்பதால் வாயில் அது பெருகிப் படலமாகிறது. முதல் ஆறு மாதங்களில் இது சாதாரணமாகக் காணப்படும்.

பால் குடித்தாலே நாக்கு வெள்ளையாகத்தானே இருக்கும்? வித்தியாசம் எப்படித் தெரியும்?

பால் படிவு நாக்கின் மேல் மட்டும் மெல்லியதாகப் பரவியிருக்கும். பால் குடித்துச் சிறிது நேரத்தில் குறையும், ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தால் வந்துவிடும். பூஞ்சைப் படலம் எளிதில் வராது. அழுத்தித் துடைத்தால் அடியில் சிவந்த புண் தெரியும், சில சமயம் இரத்தம் கசியும். நாக்கை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கீழ் உதட்டை மெதுவாக விலக்கி, கன்னங்களின் உட்புறத்தையும் ஈறுகளையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அங்கே தயிர்த் துணுக்குகள் ஒட்டியதுபோல் திட்டுத் திட்டாக இருந்தால் பூஞ்சையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இது சுத்தக் குறைவால் வருகிறதா?

இல்லை. சுத்தமாகப் பராமரிக்கப்படும் குழந்தைகளுக்கும் வருகிறது. தாயோ குழந்தையோ அண்மையில் ஆன்டிபயாடிக் மருந்து எடுத்திருப்பது முக்கியமான காரணம். அந்த மருந்து பூஞ்சையை அடக்கி வைத்திருந்த நல்ல பாக்டீரியாக்களையும் அழித்துவிடுவதால் பூஞ்சைக்கு இடம் கிடைக்கிறது. சிசேரியன் பிரசவத்தில் தாய்க்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது வழக்கம் என்பதால், அத்தகைய தாய்மார்கள் முதல் இரண்டு மாதங்களில் குழந்தையின் வாயைக் கவனித்துப் பார்ப்பது நல்லது. குறைமாதப் பிறப்பு, தாய்க்குச் சர்க்கரை நோய், பிரசவ சமயத்தில் தாயின் பிறப்புறுப்பில் இருந்த பூஞ்சைத் தொற்று, ரப்பர் நிப்பிள், சூப்பான் ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

தாயின் பக்கம்

தாய்க்கும் இந்தத் தொற்று வந்திருக்கிறது என்பதை எப்படி அறிவது?

சில வாரங்கள் வலியின்றிப் பால் கொடுத்துவந்த தாய்க்கு, திடீரென இரண்டு காம்புகளிலும் எரிச்சலும் குத்தலும் தொடங்குவது முக்கியமான அடையாளம். பால் கொடுத்து முடித்த பிறகும் வலி நீடிக்கும். சிலருக்கு ஒரு மணி நேரம் வரை கூட இருக்கும். துணி உரசினாலே தாங்க முடியாமல் போகலாம். காம்பும் அதைச் சுற்றிய கருவட்டமும் இளஞ்சிவப்பாகப் பளபளக்கலாம், மெல்லிய செதில் உரியலாம், அரிப்பு இருக்கலாம். ஆனால் பார்வைக்கு எதுவுமே தெரியாமலும் இருக்கலாம்.

காம்பில் வலி என்றாலே பூஞ்சைதானா?

இல்லை. காம்பு வலிக்கு முதன்மையான காரணம் குழந்தை மார்பைச் சரியாகப் பற்றாததுதான். அப்படியானால் வலி பிரசவத்துக்குப் பிறகு முதல் நாட்களிலேயே தொடங்கும், குழந்தை வாய் வைத்த உடனே உச்சத்தில் இருந்து பிறகு குறையும், ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இருக்கலாம். பால் கொடுத்து முடித்ததும் காம்பைப் பார்த்தால் நசுங்கி, ஒரு பக்கம் சீவியதுபோல் சாய்ந்திருக்கும். இதற்குப் பூஞ்சைக் களிம்பால் பயனில்லை. குழந்தையைப் பிடிக்கும் விதத்தையும் வாய் பற்றும் விதத்தையும் திருத்தினால் சில நாட்களிலேயே குறையும்.

மார்கழிக் குளிரில் காம்பு வெளுத்துப் போய் வலிக்கிறது. அதுவும் இதுதானா?

அது பெரும்பாலும் இரத்த நாளச் சுருக்கம். பால் குடித்த வாயை எடுத்ததும் காம்பு வெளுத்து, பின் நீலம் அல்லது சிவப்பாக மாறி, சுருக்கென்று வலிக்கும். மலையடிவாரக் குளிர்க் காற்றில், குளித்து வந்த ஈர உடம்பில் இது கூடும். சூடு பட்டால் தணியும். எரிச்சல் இருப்பதால் இதையும் பூஞ்சை என்று கருதி வாரக்கணக்கில் களிம்பு பூசுவது நடக்கக்கூடிய தவறு. நிறம் மாறுகிறதா என்பதைக் கவனித்து மருத்துவரிடம் சொன்னால் குழப்பம் தீரும்.

மருத்துவர்களுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு இருப்பதாகச் சொல்கிறார்களே?

உண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 346 தாய்மார்களைத் தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியான ஆய்வு, எரியும் வலி உள்ளவர்களிடம் கேண்டிடா கூடுதலாக இருப்பதைக் கண்டது. ஆனால் அத்தகைய வலி இல்லாத தாய்மார்கள் பலரிடமும் அதே பூஞ்சை இருந்தது. தாய்ப்பால் மருத்துவத்துக்கான சர்வதேச அமைப்பான அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் 2022-இல் வெளியிட்ட மார்பழற்சி வழிகாட்டி, மார்பின் உட்பக்கக் குத்தல் வலிக்குப் பால் நாளங்களில் புகுந்த பூஞ்சைதான் காரணம் என்ற கருத்துக்கு ஆதாரமில்லை என்கிறது. எனவே குழந்தையின் வாயில் படலம் தெளிவாக இருந்து, தாயின் காம்பிலும் அடையாளம் இருந்தால் இருவருக்கும் சிகிச்சை என்பதில் தயக்கம் வேண்டியதில்லை. குழந்தையின் வாய் சுத்தமாக இருக்க, தாய்க்கு மட்டும் வலி என்றால் வேறு காரணத்தை முதலில் தேடுவதே முறை.

இருவருக்கும் மருந்து

குழந்தைக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதாதா?

தாய்க்கு அடையாளம் இருந்தும் விட்டுவிட்டால் பெரும்பாலும் போதாது. ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை குழந்தையின் வாயும் தாயின் காம்பும் சேர்கின்றன. குழந்தையின் வாயில் மருந்தால் குறைந்த பூஞ்சை அடுத்த பாலூட்டலில் காம்பிலிருந்து திரும்பி வரலாம். இருவருக்கும் ஒரே நாளில் தொடங்கி, சேர்த்தே முடிப்பதுதான் இந்தச் சுற்றை அறுக்கும் வழி. தாய்க்கு மருந்து, குழந்தைக்கு மருந்து என்று தனித்தனி வாரங்களில் செய்தால் பலன் இருக்காது.

தாய்க்கு வலியே இல்லை. அப்போதும் களிம்பு பூச வேண்டுமா?

மருத்துவர்களின் நடைமுறை இதில் ஒன்றுபோல் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் குழந்தை நோய் மேலாண்மைக் கையேடு, தாயின் மார்பில் தொற்று இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சிகிச்சை தரச் சொல்கிறது. அறிகுறி இல்லாவிட்டாலும் மறுதொற்றைத் தவிர்க்கக் களிம்பு எழுதும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். முதல் முறை வந்த லேசான படலத்துக்குக் காத்திருந்து பார்க்கலாம். இரண்டாம் முறை திரும்பினால் தாய்க்கும் சேர்த்துத் தருவதே பொருத்தம்.

குழந்தைக்கு என்ன மருந்து, எவ்வளவு?

உலகெங்கும் முதலில் தரப்படுவது நிஸ்டாடின் துளி மருந்து. 1 மி.லி.யில் 1 லட்சம் யூனிட் உள்ள மருந்தில் 1 மி.லி., நாளுக்கு 4 முறை, 7 நாள் என்பது உலக சுகாதார நிறுவனக் கையேட்டின் அளவு. அமெரிக்க நடைமுறையில் இதைவிடக் கூடுதலாக, ஒவ்வொரு கன்னத்திலும் 1 மி.லி. வீதம் தருவதும் உண்டு. நம் ஊர் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதும், குழந்தை மருத்துவர்கள் பலர் எழுதுவதும் 1 சதவீத க்ளோட்ரிமசோல் வாய்ப்பூச்சு மருந்து. இதில் எத்தனை துளி, நாளுக்கு எத்தனை முறை என்பதைக் குழந்தையின் வயதைப் பார்த்து மருத்துவர் எழுதிய அளவே செல்லும்.

மருந்தை எப்படிப் போடுவது? நாக்கில் விட்டால் விழுங்கிவிடுகிறதே?

இந்த மருந்துகள் படலத்தின் மேல் தங்கி வேலை செய்பவை. விழுங்கிய பிறகு பலன் குறைவு. நிஸ்டாடின் அடியில் படியும் மருந்து என்பதால் புட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும். பால் கொடுத்து முடித்த பிறகு, பாதியை ஒரு கன்னத்தின் உட்புறமும் மீதியை மறு கன்னத்திலும் விட்டு, கழுவிய விரலில் சுற்றிய சுத்தமான மெல்லிய துணியால் திட்டுகளின் மேல் தடவ வேண்டும். அடுத்த 20 நிமிடம் பால் கொடுக்காமலிருப்பது நல்லது. சொட்டுக் குழாய் குழந்தையின் வாயில் பட்டால் அப்படியே புட்டிக்குள் போடக் கூடாது. கழுவி உலர்த்திய பிறகே மூட வேண்டும்.

வாய்க்கான ஜெல் ஒன்றும் இருக்கிறதே, அது நல்லதா?

அது மைகோனசோல் ஜெல். 1990-களில் ஜெர்மனியில் குழந்தைகளிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வில் நிஸ்டாடினைவிட வேகமாகக் குணம் தந்தது இதுவே. ஆனால் பிசுபிசுப்பான இந்த ஜெல் தொண்டையில் அடைத்து மூச்சுத் திணறல் ஏற்படுத்தக்கூடும் என்பதால், பிரிட்டனில் 4 மாதம் நிறையாத குழந்தைகளுக்கு இதற்கு அனுமதி இல்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு அந்த வரம்பு 5 முதல் 6 மாதம். வயது பொருந்தினாலும் ஒரே உருண்டையாக வைக்காமல், சிறிது சிறிதாக வாயின் முன்பகுதியில் தடவ வேண்டும். இந்த ஜெல்லைக் காம்பில் பூசிக் குழந்தைக்குப் புகட்டுவது கூடவே கூடாது.

தாய்க்கு என்ன மருந்து?

காம்பின் மேற்பரப்புத் தொற்றுக்கு 2 சதவீத மைகோனசோல் களிம்பு. ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் காம்பிலும் கருவட்டத்திலும் மெல்லியதாகத் தடவ வேண்டும். தோலில் ஊறிப் போகும் அளவே போதும். அடுத்த முறை பால் கொடுக்கும்முன் கண்ணுக்குத் தெரியும் களிம்பு மிச்சம் இருந்தால் ஈரத்துணியால் மெதுவாக ஒற்றி எடுக்க வேண்டும். சோப்புப் போட்டுத் தேய்த்தால் ஏற்கெனவே புண்பட்ட தோல் மேலும் வறண்டு வெடிக்கும்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பூஞ்சைக் களிம்பைப் பூசலாமா?

குழாயின் பின்பக்கத்தைப் படிக்காமல் பூசக் கூடாது. படர்தாமரைக்கு என்று கடையில் கேட்டு வாங்கப்படும் களிம்புகள் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு பெக்ளோமெத்தசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபிட்டசால் போன்ற ஸ்டீராய்டும், நியோமைசினும் கலந்திருக்கின்றன. இவை முதலில் சுகம் தருவதுபோல் இருந்து தொற்றை வளர்க்கும். குழந்தையின் வாய்க்குள்ளும் போகும். இன்னொரு ஆபத்தும் உண்டு: ஒரே வணிகப் பெயரில் வாய்ப்பூச்சு, காதுத் துளி, தோல் களிம்பு, பவுடர் என்று பல வடிவங்கள் விற்கின்றன. பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் காதுக்கான புட்டி குழந்தையின் வாய்க்கு வந்துவிடலாம். சீட்டைக் காட்டி வாங்குவதே பாதுகாப்பு.

தாய்க்கு மாத்திரையும் எழுதுகிறார்கள். அது எப்போது?

களிம்பால் குறையாத, நீடித்த வலிக்கு ஃப்ளூகோனசோல் மாத்திரை தரப்படுகிறது. முதல் நாள் 200 மி.கி., பிறகு நாளுக்கு 100 மி.கி. வீதம் 7 முதல் 10 நாள் என்பது அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் குறிப்பிடும் அளவுகளில் ஒன்று. மகளிர் நலத்தில் வழக்கமாகத் தரப்படும் 150 மி.கி. ஒற்றை மாத்திரை காம்புத் தொற்றுக்குப் போதாது. இது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. பால் சுரக்க என்று டோம்பெரிடோன் மாத்திரை சாப்பிடும் தாய் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு பாதிக்கப்படலாம்.

தாய் சாப்பிடும் மாத்திரை பால் வழியாகப் போகுமே? அதுவே குழந்தைக்கும் மருந்தாகிவிடாதா?

ஆகாது. ஃப்ளூகோனசோல் தாய்ப்பாலில் கலக்கிறது என்றாலும் அந்த அளவு, பச்சிளங்குழந்தைகளுக்கே நேரடியாகத் தரப்படும் அளவைவிடக் குறைவு. அதனால் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. அதே காரணத்தால் குழந்தையின் வாயைக் குணப்படுத்தவும் அது போதாது. குழந்தைக்குத் தனி மருந்து வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு

மருந்தை எந்த நாளில் நிறுத்துவது?

விளக்கத்துக்காக, சிசேரியனில் பிறந்த 40 நாள் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இரு கன்னத்திலும் திட்டு. தாய்க்குக் கடந்த 4 நாளாக இரு பக்கமும் எரிச்சல். வயது 4 மாதத்துக்குக் குறைவு என்பதால் ஜெல் கிடையாது. நிஸ்டாடின் 1 மி.லி. வீதம் 4 முறை. திங்கட்கிழமை காலை குழந்தைக்கு முதல் வேளை மருந்தும், அதே பாலூட்டலின் முடிவில் தாய்க்கு முதல் களிம்பும் தொடங்குகின்றன.

காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 10 மணியை ஒட்டிய பாலூட்டலுக்குப் பின் குழந்தைக்கு மருந்து என்று வைத்துக்கொண்டால் மறதி வராது. தாய்க்கோ ஒவ்வொரு பாலூட்டலுக்கும் களிம்பு உண்டு. நள்ளிரவுப் பாலூட்டலுக்கும்தான், விடுபடுவது அதுவாகவே இருக்கும். வெள்ளிக்கிழமை, அதாவது 5-ஆம் நாள், திட்டுகள் மறைந்தால் மருந்தை அன்றே நிறுத்தக் கூடாது. படலம் மறைந்த பிறகும் 48 மணி நேரம் தொடர வேண்டும் என்பது விதி. ஆக ஞாயிற்றுக்கிழமையோடு 7 நாள் நிறைவாகும். சனிக்கிழமைதான் மறைந்தது என்றால் அடுத்த திங்கட்கிழமை வரை, 8 நாள். 7 நாளுக்கு 28 மி.லி. தேவை என்பதால் புட்டியின் அளவைப் பார்த்தே வாங்க வேண்டும். பாதியில் தீர்ந்து இரண்டு நாள் விட்டுப்போனால் நோய் திரும்பக் காரணமாகும்.

தாய்க்கு எத்தனை நாளில் வலி குறைய வேண்டும்?

நோய் பூஞ்சைதான் என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளிலேயே எரிச்சல் தணியத் தொடங்கும்; முழுமையாக நிற்க மேலும் சில நாள் ஆகும். வலி நின்றாலும் குழந்தையின் சிகிச்சை முடியும் வரை களிம்பைத் தொடர வேண்டும். 7 நாள் ஒழுங்காகப் பூசியும் எந்த மாற்றமும் இல்லை என்றால் மருந்தைக் கூட்டுவதைவிட நோய் அதுதானா என்று மறுபடியும் பார்ப்பதே சரி. காம்பில் மஞ்சள் பொருக்கு இருந்தால் பாக்டீரியா, கொப்புளமும் செதிலும் இருந்தால் ஒவ்வாமை, ஒரே காம்பில் வாரக்கணக்கில் ஆறாத புண் என்றால் வேறு தீவிர நோய் எனப் பல காரணங்கள் இருக்கலாம்.

பாலும் பாத்திரங்களும்

இந்த நாட்களில் தாய்ப்பால் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். நிறுத்தினால் பால் கட்டி, வீக்கமும் மார்பழற்சியும் சேரும். வலி தாங்க முடியாத வேளையில் வலி குறைவான பக்கத்தில் முதலில் கொடுக்கலாம், அல்லது பாலைப் பீய்ச்சிப் பாலாடையிலோ சங்கிலோ புகட்டலாம். தாய்க்குப் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளத் தடையில்லை.

பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்த பாலைக் கொட்டிவிட வேண்டுமா?

சிகிச்சை நடக்கும் நாட்களில் பீய்ச்சிய பாலை அதே குழந்தைக்கு அந்நாட்களிலேயே கொடுத்துவிடலாம். உறைய வைப்பதால் இந்தப் பூஞ்சை சாவதில்லை என்பதால், மாதக்கணக்கில் சேமித்து வைப்பதற்கு இந்த நாட்களின் பால் ஏற்றதல்ல. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இயங்குவது போன்ற தாய்ப்பால் வங்கிகளுக்குத் தானம் தருவதையும் குணமாகும் வரை நிறுத்திவைக்க வேண்டும். காம்பில் பூஞ்சைத் தொற்று உள்ளவர்களிடம் பால் பெறக் கூடாது என்பது இந்தியாவில் பின்பற்றப்படும் விதி.

பாலாடை, நிப்பிள், துணிகளை என்ன செய்வது?

குழந்தையின் வாயில் படும் பாலாடை, சங்கு, நிப்பிள், சூப்பான், பால் பீய்ச்சும் கருவியின் பாகங்கள் ஆகியவற்றைச் சோப்பு நீரில் கழுவி, சிகிச்சை நாட்களில் தினமும் 10 நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். புட்டி பழக்கம் இருந்தால் இதையே காரணமாக வைத்துப் பாலாடைக்கு மாறுவது நல்லது; உலக சுகாதார நிறுவனக் கையேடும் கிண்ணத்துக்கும் கரண்டிக்கும் மாறச் சொல்கிறது. தாயின் உள்ளாடை, மார்பில் வைக்கும் துணிகளை ஈரமானதும் மாற்றி, வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். பொம்மையையும் தொட்டில் துணியையும் நாள்தோறும் கொதிக்க வைக்கும் அளவுக்குப் போக வேண்டியதில்லை.

குழந்தையின் தொடையிடுக்கிலும் சிவந்திருக்கிறது. சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். வாயில் பெருகிய பூஞ்சை குடல் வழியாக மலத்தில் வரும். மடிப்புகளுக்குள்ளும் பரவி, ஓரம் தெளிவான சிவப்பாகவும் சுற்றிலும் சிறு சிறு சிவப்புப் புள்ளிகளாகவும் இருந்தால் அது பூஞ்சைப் புண். அதற்கும் தனிக் களிம்பு கேட்டு, வாய்ச் சிகிச்சையோடு சேர்த்தே முடிக்க வேண்டும்.

வீட்டு வைத்தியம்

தேன் தடவலாமா? வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துத் தடவும் வழக்கம் இருக்கிறதே?

இரண்டும் கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பாட்டுலிசம் என்ற அரிய நோயை உண்டாக்கக்கூடும். வெங்காரம் குழந்தையின் உடலில் சேர்ந்து நஞ்சாகும். தேனும் வெங்காரமும் கலந்த கடை மருந்தில் சூப்பானைத் தோய்த்துக் கொடுத்ததால் 7 குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததை 1983-இல் பிரிட்டிஷ் குழந்தை மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. நோக்கம் நல்லது என்பதால் நஞ்சு குறைந்துவிடுவதில்லை.

உரை மருந்து உரசி நாக்கில் தடவுவது, துணியால் நாக்கை வழிப்பது?

வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் உரசித் தடவுவதால் இந்தப் பூஞ்சை போவதில்லை. உரைகல்லும் விரலும் சுத்தமாக இல்லாவிட்டால் வயிற்றுப்போக்குக்கு வழியாகும். ஆறு மாதம் வரை தாய்ப்பாலும் மருத்துவர் தரும் மருந்தும் தவிர வேறெதுவும் வாய்க்குள் போக வேண்டியதில்லை. படலத்தை வழித்து எடுத்தால் நோய் போனதுபோல் தெரியும், ஆனால் அடியில் புண்ணாகிக் குழந்தை பால் குடிக்க மறுக்கும். மருந்து போடும்முன் ஈரத்துணியால் மெதுவாக ஒற்றுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

முன்பெல்லாம் ஆஸ்பத்திரியில் ஊதா மருந்து தடவினார்களே?

அது ஜென்ஷியன் வயலட். வாய்க்கு 0.25 சதவீதம் என நீர்த்த கரைசலாக அரசுக் கையேடுகளிலும் இடம்பெற்ற மருந்துதான். இது புற்றுநோய் அபாயத்துடன் தொடர்புபடலாம் என்று 2019-இல் கனடா சுகாதாரத் துறை எச்சரித்தது. அடர்த்தி கூடினால் வாயில் புண்ணும் உண்டாகும். வேறு மருந்து எளிதில் கிடைக்கும் இடத்தில் இதைத் தேடிப் போகத் தேவையில்லை. பழைய புட்டியை எடுத்துத் தடவுவது அறவே கூடாது.

எங்கே, எப்போது?

எந்த நிலையில் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, 24 மணி நேரத்தில் சிறுநீர் 6 முறைக்குக் குறைந்தாலோ, இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் இருந்தாலோ அன்றே காட்ட வேண்டும். தாய்க்குக் காய்ச்சலோடு மார்பின் ஒரு பகுதி சிவந்து கல்லாகிக் கனத்தால் அது மார்பழற்சி. அதற்கும் தாமதம் கூடாது. மருந்தை முறையாகப் போட்டும் இரண்டு வாரத்தில் படலம் போகவில்லை, அல்லது திரும்பத் திரும்ப வருகிறது, அல்லது தொண்டை வரை பரவியிருக்கிறது என்றால் குழந்தையின் எதிர்ப்பு ஆற்றல் பற்றிய பரிசோதனை தேவைப்படலாம்.

செலவு எவ்வளவு ஆகும்?

அரசு மருத்துவமனைகளில் கட்டணம் இல்லை. 2011 ஜூன் 1-ஆம் தேதி தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் முதலில் பிறந்து 30 நாள் வரையிலான நோயுற்ற குழந்தைகளுக்கு மட்டும் இலவசச் சிகிச்சையும் மருந்தும் தந்தது. பின்னர் அது ஒரு வயது வரை நீட்டிக்கப்பட்டது. முதலில் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து மேட்டுப்பாளையம் அரசு மருத்துவமனைக்கோ கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். வெளியே போக முடியாத நேரத்தில் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.

போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

தாய் சேய் நல அட்டை, பிரசவ மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சீட்டு, தாய் இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், ஏற்கெனவே பூசிய களிம்பின் குழாய் ஆகியவை போதும். குழந்தையைப் பாட்டியிடம் மட்டும் கொடுத்து அனுப்பாமல் தாயும் போக வேண்டும். காம்பையும், பால் கொடுக்கும் விதத்தையும் நேரில் பார்க்காமல் தாய்க்கான மருந்தை எந்த மருத்துவராலும் சரியாக எழுத முடியாது.